ஒரே மாத்திரை, வேறு வேறு கணக்கு

மார்ச் முதல் வாரத்தில் ஒரு அம்மா தன் இரண்டு பிள்ளைகளோடு என் கிளினிக்குக்கு வந்தார். மூத்தவள் ஒன்றாம் வகுப்பு. இளையவனுக்குப் பதினைந்து மாதம். உட்கார்ந்ததும் பையிலிருந்து இரண்டு காலி பாட்டில்களை எடுத்து மேசையில் வைத்தார். இரண்டும் பூச்சி மருந்து, பத்து மில்லி பாட்டில்கள்.

"பிப்ரவரி பத்தாம் தேதி ஸ்கூல்லயே பாப்பாவுக்கு மாத்திரை குடுத்துட்டாங்க டாக்டர். மூணு நாள் பாத்தோம், ஒரு பூச்சிகூட வெளிய வரலை. மாத்திரை வேலை செய்யலன்னு எங்க அத்தை சொன்னாங்க. அதனால பதினாலாம் தேதி மெடிக்கல்ல கேட்டு இந்த டானிக்க வாங்கினோம். ஆளுக்கு ஒண்ணு குடுத்தேன். இப்பவும் பாப்பா ராத்திரில தூங்காம சொறிஞ்சுகிட்டே இருக்கா. இன்னொரு தடவை குடுக்கலாமா?"

பூச்சி மருந்து பற்றிப் பெற்றோர்கள் குழம்புகிற எல்லா இடங்களும் இந்த ஒரு பேச்சுக்குள்ளேயே இருந்தன. அதனால் இந்த வீட்டின் கதையையே பிடித்துக்கொண்டு போகிறேன்.

முதலில் அந்தப் பாட்டியின் எதிர்பார்ப்பு. மருந்து கொடுத்தால் பூச்சி வெளியே வர வேண்டும் என்று அவர் நினைத்ததில் தவறு சொல்ல முடியாது. அவர் காலத்து மருந்துகள் அப்படித்தான் வேலை செய்தன. அந்த நாளில் பரவலாகக் கொடுக்கப்பட்ட பைப்ரசின் பூச்சியைக் கொல்லாது, செயலிழக்க வைக்கும். பிடிமானம் இழந்த பூச்சியைக் குடல் தள்ளிக்கொண்டு வந்து வெளியே போடும். நீளமான நாக்குப்பூச்சிகள் மலத்தோடு முழுசாக வந்து விழுந்ததைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அது. விளக்கெண்ணெய் பேதிக்கும் கணக்கு அதேதான்: எவ்வளவு வெளியே போனதோ அவ்வளவு நல்லது.

இன்று பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுப்பது அல்பெண்டசோல். இதன் வழி வேறு. பூச்சியின் உடம்புக்குள் இருக்கும் நுண்ணிய குழாய் அமைப்பைக் குலைத்து, அது சர்க்கரைச் சத்தை எடுத்துக்கொள்ள முடியாமல் செய்கிறது. உணவு கிடைக்காத பூச்சி சில நாட்களில் மெல்லச் செத்துப்போகும். பெரும்பாலும் குடலுக்குள்ளேயே சிதைந்து மலத்தோடு கலந்துவிடும். நாக்குப்பூச்சி நிறைய இருந்தால் சில முழுதாக வருவதுண்டு. கொக்கிப்புழு ஒரு சென்டிமீட்டர் அளவுதான், மலத்தில் யாருக்கும் கண்ணில் படாது. பல பிள்ளைகள் வயிற்றில் பூச்சியே இருந்திருக்காது. ஆகவே எதுவும் வெளியே வரவில்லை என்பதை வைத்து மருந்தை எடைபோட முடியாது. பூச்சியைத் தள்ளுவதற்காகப் பிறகு பேதிக்குக் கொடுப்பதும் வேண்டாத வேலை, குழந்தைக்கு நீர்ச்சத்துதான் குறையும்.

அடுத்தது அளவு. பெண்ணுக்கு ஆறு வயது. பள்ளியில் கொடுத்தது 400 மில்லிகிராம் மாத்திரை. இரண்டு வயது முடிந்த பிள்ளை முதல் பத்தொன்பது வயது வரை எல்லாருக்கும் இந்த ஒரே அளவுதான், எடைக்கு ஏற்ற கணக்கு கிடையாது. ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் இருப்பவர்களுக்குப் பாதி, 200 மில்லிகிராம். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு வழக்கமான பூச்சி மருந்து கிடையாது. டானிக்கில் ஐந்து மில்லிக்கு 200 மில்லிகிராம் இருக்கும், பத்து மில்லி பாட்டில் முழுவதும் சேர்ந்தால் 400. ஆக, பதினைந்து மாதப் பையனுக்குக் கொடுக்க வேண்டியது பாதிப் பாட்டில். இவர் முழுதும் கொடுத்துவிட்டார். பாட்டில் சிறியது, ஒரு வேளைக்கு என்று சொல்லி விற்பது, அதனால் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. இன்னொன்றும் பார்க்கச் சொல்வேன். பெயருக்குப் பின்னால் 'பிளஸ்' என்று போட்ட டானிக்குகளில் அல்பெண்டசோலோடு ஐவர்மெக்டின் என்ற இன்னொரு மருந்தும் சேர்ந்திருக்கும். பதினைந்து கிலோ எடைக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அதை மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. மேசையில் இருந்தவை அந்த வகை அல்ல என்பதை முதலில் பார்த்துக்கொண்டேன்.

இரண்டு மடங்கு போய்விட்டதே என்று அந்த அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. அவரிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். அல்பெண்டசோல் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போவது மிகக் குறைவு, பெரும்பகுதி குடலிலேயே நின்று வேலை செய்துவிட்டு வெளியேறிவிடும். மூளையில் நாடாப்புழுக் கட்டி இருப்பவர்களுக்கு இதே மருந்தை நாள்தோறும், வாரக்கணக்கில் கொடுக்கிறோம். எனவே தவறுதலாக ஒரு வேளை கூடுதலாகப் போனால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வயிற்றுவலி, குமட்டல், ஒருமுறை வாந்தி வரலாம், ஒரு நாளில் அடங்கிவிடும். ஆனால் அப்படி வாரக்கணக்கில் கொடுக்கும்போது கல்லீரலையும் ரத்த அணுக்களையும் பரிசோதனை செய்து பார்த்துக்கொண்டே கொடுக்கிறோம் என்பதும் உண்மை. மாதம் ஒருமுறை, சந்தேகம் வந்தபோதெல்லாம் ஒருமுறை என்று வீட்டில் பழக்கமாக்கிக்கொள்ள இது மிட்டாய் இல்லை.

அப்படியானால் எத்தனை நாளுக்கு ஒருமுறை? ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பது பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியும். ஏன் ஆறு மாதம் என்பதுதான் தெரியாது. அது தெரியாததால்தான் நான்கு நாளில் மறுபடி கொடுக்கிறார்கள்.

நாக்குப்பூச்சி, கொக்கிப்புழு, சாட்டைப்புழு மூன்றும் மண்ணின் வழியாக வருபவை. இவற்றுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு: வயிற்றுக்குள் இவை பெருகாது. ஒரு பெண் நாக்குப்பூச்சி ஒரு நாளில் இரண்டு லட்சம் முட்டை வரை இடும். ஆனால் அந்த முட்டைகள் வயிற்றில் பொரிப்பதில்லை. மலத்தோடு வெளியேறி, மண்ணில் ஈரத்திலும் நிழலிலும் சில வாரம் கிடந்து முற்றினால்தான் அடுத்த ஆளுக்குத் தொற்றும் நிலைக்கு வரும். குழந்தையின் வயிற்றில் பத்துப் பூச்சி இருந்தால், அந்தக் குழந்தை பத்து முட்டைகளைத் தனித்தனியே விழுங்கியிருக்கிறது என்று அர்த்தம். கொக்கிப்புழுவென்றால் மண்ணில் இருக்கும் அதன் குஞ்சுகள் வெறுங்காலின் தோலைத் துளைத்து ஒவ்வொன்றாக உள்ளே போயிருக்கும்.

விழுங்கிய நாக்குப்பூச்சி முட்டை குடலில் பொரித்து, குஞ்சு குடல் சுவரைத் துளைத்து ரத்தத்தில் ஏறி, நுரையீரலுக்குப் போய், தொண்டை வழியாக மறுபடி விழுங்கப்பட்டுக் குடலுக்கு வந்து சேர்ந்து, வளர்ந்து முட்டையிட இரண்டு மூன்று மாதம் ஆகும். ஒருமுறை மாத்திரை போட்டதும் குடலில் இருக்கிற பெரியவை போய்விடுகின்றன. பிள்ளை அதே மண்ணில் விளையாடி, அதே கையால் சாப்பிடும்போது எண்ணிக்கை மெல்ல ஏறும். மண்ணில் முட்டை நிறைந்த பகுதிகளில் ஓராண்டுக்குள் ஏறக்குறையப் பழைய நிலைக்கே வந்துவிடும். அந்த ஏற்றத்தைப் பாதி வழியில் மறிப்பதற்குத்தான் ஆறு மாதம். தொற்று அதிகமுள்ள இடங்களில் ஆண்டுக்கு இரண்டு முறை, குறைவான இடங்களில் ஒரு முறை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2015-இல் தொடங்கிய தேசிய குடற்புழு நீக்க நாள் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்று இரண்டு தேதிகளை வைத்திருப்பதும் இந்தக் கணக்கில்தான். அன்றைக்குப் பள்ளிக்கு வராதவர்களுக்கும் உடம்பு சரியில்லாமல் விட்டவர்களுக்கும் ஒரு வாரம் கழித்து, 17-ஆம் தேதி கொடுப்பார்கள். முதல் தடவை போட்ட பிள்ளைக்கு அந்த இரண்டாவது தேதி கிடையாது. உள்ளூர் நிர்வாகம் சில ஆண்டுகளில் தேதியை முன்பின்னாக மாற்றுவதுண்டு, பள்ளி அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை வைத்துச் சில வீட்டுக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடலாம். டிசம்பரில் வெளியே டாக்டர் கொடுத்திருந்தார், பிப்ரவரியில் பள்ளியில் போடலாமா? போடலாம், கேடு இல்லை. சென்ற வாரம்தான் போட்டது என்றால் தேவையில்லை, ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். ஒரு தடவை விட்டுப்போனால் அடுத்த தடவை இரண்டாகக் கொடுக்க வேண்டுமா? வேண்டாம், ஒன்றுதான். எல்லாப் பிள்ளைகளுக்கும் மலம் பரிசோதிக்காமல் கொடுக்கிறார்களே? பரிசோதனைக்கு ஆகும் செலவும் நாளும் மாத்திரையைவிடப் பல மடங்கு, மாத்திரையோ பூச்சி இல்லாத பிள்ளைக்கும் தீங்கு செய்யாது. அதனால்தான்.

இனி அந்தப் பெண்ணின் ராத்திரிச் சொறிச்சல். அது இந்த மூன்று பூச்சிகளின் வேலையே இல்லை. அது கீரிப்பூச்சி.

வெள்ளை நூல் துண்டு மாதிரி, ஒரு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். பெண் பூச்சி இரவில், குழந்தை தூங்கியபின், ஆசனவாய்க்கு வெளியே வந்து அந்தத் தோல் மடிப்பில் முட்டையிட்டு ஒட்டிவிடும். ஊறல் அதனால் வருவது. பெண் பிள்ளைகளுக்கு அது முன்பக்கமும் போய் எரிச்சல் தரும். இந்த முட்டைகளுக்கு மண்ணில் வாரக்கணக்கில் கிடக்கத் தேவையில்லை. சில மணி நேரத்தில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். சொறிந்த விரலின் நகத்தடியில் புகுந்து, காலையில் அதே விரல் வாய்க்குப் போகும்போது உள்ளே போய்விடும். படுக்கை விரிப்பில், தலையணையில், பொம்மையில் இரண்டு மூன்று வாரம் உயிரோடு இருக்கும். ஒரு பிள்ளைக்கு இருந்தால் கூடப் படுக்கும் எல்லாருக்கும் போகும். வயிற்றில் பெருகாது என்று மேலே சொன்ன விதி இங்கே சுற்றுவழியில் உடைகிறது: பிள்ளை தன் பூச்சியின் முட்டையைத் தானே விழுங்கிக்கொண்டிருக்கிறது.

அந்த அம்மாவிடம் அன்றிரவே ஒரு வேலை சொன்னேன். பாப்பா தூங்கி இரண்டு மணி நேரம் கழித்து, டார்ச் எடுத்து, பிட்டத்தை லேசாக விரித்து அந்த இடத்தைப் பாருங்கள். எதுவும் தெரியாவிட்டால், காலையில் கழுவுவதற்கு முன்பு, குளிப்பதற்கு முன்பு, ஒட்டும் டேப்பின் பசைப் பக்கத்தை அந்தத் தோலில் ஒற்றி எடுத்து ஒரு கண்ணாடித் துண்டில் ஒட்டிக் கொண்டுவாருங்கள், மைக்ராஸ்கோப்பில் முட்டை தெரியும். மலப் பரிசோதனையில் இது பெரும்பாலும் அகப்படாது, ஏனென்றால் முட்டை மலத்தில் இல்லை, தோலில் இருக்கிறது. டேப்புக்கு வேலை வரவில்லை. மறுநாள் காலையிலேயே போன் வந்தது. "டாக்டர், வெள்ளையா ரெண்டு நெளியுது."

மருந்து இரண்டு முறை போயும் ஏன் போகவில்லை? பள்ளியில் போட்ட மாத்திரை அன்றைக்குக் குடலில் இருந்த பூச்சிகளைக் கொன்றிருக்கும். முட்டைகளை அது கொல்வதில்லை. அப்போது முட்டைகள் நகத்திலும் விரிப்பிலும் பத்திரமாக இருந்தன. நான்கு நாள் கழித்துக் கொடுத்த டானிக் அந்த நான்கு நாளில் உள்ளே போனவற்றை மட்டுமே பிடிக்கும். அதற்குப் பிறகு விழுங்கிய முட்டைகளும் கூடப் படுக்கும் தம்பியிடமிருந்தும் பாட்டியிடமிருந்தும் வந்தவையும் வளர இருபது நாள் கிடைத்திருக்கிறது. விழுங்கிய முட்டை வளர்ந்து தன் முட்டையை இடச் சுமார் ஒரு மாதம் ஆகும். ஆகவே முதல் வேளைக்கு இரண்டு வாரம் கழித்து இரண்டாவது வேளை கொடுத்தால், முதல் வேளைக்குப் பின் உள்ளே போனவை முட்டையிடும் வயதுக்கு வருமுன் அகப்பட்டுக்கொள்ளும். கீரிப்பூச்சிக்கு இடைவெளி பதினான்கு நாள் என்பதன் காரணம் இது. நான்கு நாளும் சரியில்லை, ஆறு மாதமும் சரியில்லை.

மார்ச் 6-ஆம் தேதி இரவு அந்த வீட்டில் எல்லாரும் மருந்து எடுத்துக்கொண்டார்கள். அம்மா, அப்பா, பாட்டி, பாப்பா நால்வருக்கும் ஆளுக்கு 400, சின்னவனுக்கு 200. ஒரே நாளில் எல்லாரும் என்பது முக்கியம், யாருக்காவது ஊறல் இல்லையென்றாலும். மறுநாள் காலை விரிப்பு, தலையணை உறை, ராத்திரி உடுத்திய உள்ளாடை எல்லாவற்றையும் உதறாமல் சுருட்டி எடுத்து வெந்நீரில் போட்டார்கள். உதறினால் முட்டை தூசியோடு பறக்கும். நகத்தை ஒட்ட வெட்டி, பிள்ளைகளை மாலைக்குப் பதில் காலையில் குளிப்பாட்டச் சொன்னேன், இரவில் இட்ட முட்டை அப்போதுதான் கழுவப்பட்டுப் போகும். இரண்டாவது வேளை மார்ச் 20. வீட்டில் கர்ப்பிணி யாரும் இருக்கிறார்களா என்று முன்பே கேட்டுக்கொண்டேன். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் இந்த மருந்து கூடாது.

இடைவெளி மாறுவது கீரிப்பூச்சிக்கு மட்டுமல்ல. சாட்டைப்புழு ஒரு வேளை மாத்திரைக்கு அவ்வளவாக அசையாது, மலப் பரிசோதனையில் அது உறுதியானால் தொடர்ந்து மூன்று நாள் கொடுக்கிறோம். மலத்தில் சோற்றுப் பருக்கை மாதிரித் தட்டையான வெள்ளைத் துண்டுகள் வந்தால் அது நாடாப்புழு. அதற்கு வேறு மருந்து, வீட்டில் அல்பெண்டசோல் கொடுத்துப் பார்க்க வேண்டாம். வலிப்பு வந்திருக்கிற பிள்ளைக்கும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். மூளையில் அறியாத கட்டி இருந்தால் இந்த மருந்து அதைக் கிளறி வலிப்பைக் கொண்டுவரலாம். வயிறு உப்பி, மலமும் காற்றும் போகாமல், பச்சையாகவோ பூச்சியோடோ வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு மாத்திரையை நினைக்கவே வேண்டாம். பூச்சிகள் திரண்டு குடலை அடைத்திருக்கலாம், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இந்த மருந்தில் என்னைக் கவலைப்பட வைப்பது ஒன்று உண்டு. அது மருந்தின் குணமல்ல, கொடுக்கும் விதம். அழுகிற இரண்டு வயதுப் பிள்ளையை மடியில் கிடத்தி, மூக்கைப் பொத்தி, முழு மாத்திரையை வாயில் திணிக்கிறார்கள். பிள்ளை மூச்சை இழுக்கும்போது மாத்திரை மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமிடங்களில் உயிர் போய்விடும். பூச்சி மருந்து முகாம்களில் உலகில் அங்கங்கே நேர்ந்த மரணங்களில் இப்படி மூச்சடைத்து நேர்ந்தவை உண்டு. சிறு பிள்ளைக்கு மாத்திரையை இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வைத்து நன்றாகப் பொடித்து, கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, உட்கார வைத்துக் கொடுங்கள். அழுதால் நிறுத்துங்கள், நாளைக்குக் கொடுக்கலாம், ஒரு நாளில் ஒன்றும் கெட்டுப்போகாது. பெரிய பிள்ளைகள் மென்று தின்ன வேண்டும், பிறகு தண்ணீர். பட்டினி போட வேண்டியதில்லை, சாப்பிட்ட பிறகு கொடுப்பதே நல்லது. காய்ச்சலாக இருக்கும் நாளில் தள்ளிப்போடுங்கள்.

அந்த அம்மா எழுந்திருக்கும்போது இன்னொன்று கேட்டார். மூத்தவள் ராத்திரியில் பல்லை நறநறவென்று கடிக்கிறாளே, கன்னத்தில் வெள்ளையாகத் தேமல் இருக்கிறதே, சாக்லேட் நிறையத் தின்பதால் பூச்சி வந்திருக்குமோ? மூன்றுக்கும் பூச்சிக்கும் தொடர்பு இல்லை. பல் கடிப்பது நிறையப் பிள்ளைகளுக்கு உண்டு, வளர வளரப் போய்விடும். கன்னத்துத் தேமல் வறண்ட தோலின் பிரச்சினை. இனிப்பு பல்லைக் கெடுக்கும், பூச்சியை உண்டாக்காது. சின்னவன் எடை ஏறவில்லை, பூச்சி மருந்து கொடுத்தால் நன்றாகச் சாப்பிடுவானா என்றும் கேட்டார். இதில்தான் பெற்றோர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். உத்தரப் பிரதேசத்தில் சுமார் பத்து லட்சம் சிறு பிள்ளைகளை வைத்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்பெண்டசோல் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2013-இல் வந்தது. எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்தபோது எடையிலோ உயிர்பிழைப்பதிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. வயிறு நிறையப் பூச்சி இருக்கிற பிள்ளைக்கு அது போனால் நிச்சயம் நல்லது. மற்றவர்களுக்கு இது சத்து டானிக் அல்ல. கொக்கிப்புழு ரத்தம் குடித்துச் சோகை பிடித்த பிள்ளைக்குக்கூட, மாத்திரை புழுவை அகற்றுமே தவிர இழந்த ரத்தத்தைத் திருப்பித் தராது. அதற்கு இரும்புச்சத்து மருந்து தனியாக வேண்டும். சின்னவன் என்ன சாப்பிடுகிறான் என்று விசாரித்தேன். பகல் முழுக்க பிஸ்கட்டும் பாலும். பேச வேண்டிய விஷயம் அதுவாக இருந்தது.

ஏப்ரல் மாதம் தடுப்பூசிக்கு வந்தபோது பாப்பா இரவில் தூங்குகிறாள் என்றார். தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் பிப்ரவரி 10, 14, மார்ச் 6, 20 என்று நான்கு தேதிகளையும் அவரே எழுதி வைத்திருந்தார். ஆகஸ்ட் 10-ஆம் தேதி பள்ளியில் கொடுத்தால் போடலாமா என்று கேட்டார். போடலாம் என்றேன். அட்டையை என் பக்கம் திருப்பி, கீழே அந்தத் தேதியையும் குறித்துக்கொண்டார்.